பர்னிச்சர் கடைக்கு 30 விநாடி விளம்பரம்: ஸ்டோரிபோர்டை வரைவதா, போனில் எடுப்பதா?

உள்ளூர் கேபிள் சேனலுக்காக ஒரு பர்னிச்சர் கடை விளம்பரம். நீளம் 30 விநாடி. படப்பிடிப்புக்குக் கிடைப்பது ஒரே நாள், அதுவும் கடை மூடியிருக்கும் நாள். ஒரு கேமரா, இரண்டு மூன்று லைட், கேமராமேன், ஒரு உதவியாளர், நடிக்க நான்கு பேர், சாமான் நகர்த்தக் கடை ஊழியர்கள். இவ்வளவுதான் படை. இந்த நிலையில், ஒவ்வொரு ஷாட்டும் எப்படி வரும் என்று கட்டம் கட்டமாகக் காட்டும் ஸ்டோரிபோர்டுக்கென்று தனியாகச் செலவு செய்யலாமா, இல்லை நாமே பார்த்துக்கொள்ளலாமா?

வழிகள் மூன்று இருக்கின்றன. ஓவியர் ஒருவருக்குக் காசு கொடுத்து நல்ல ஸ்டோரிபோர்டு வரையச் சொல்லலாம். நாமே குச்சி மனிதர்களைப் போட்டுக் கிறுக்கிக்கொள்ளலாம். அல்லது கடைக்கே போய், போனில் ஒவ்வொரு ஷாட்டையும் புகைப்படமாக எடுத்து வரிசையாக அடுக்கலாம். நான்காவதாக, எதுவுமே வேண்டாம், ஷாட் பட்டியல் ஒன்று போதும் என்பவர்களும் உண்டு. அவர்களோடு இங்கே வாதாடப் போவதில்லை. ஒரு விஷயம் மட்டும்: “சோபா, மிட் ஷாட்” என்று எழுதியதைக் கடைக்காரர் ஒருவிதமாகவும் கேமராமேன் வேறுவிதமாகவும் மனதில் பார்த்துக்கொண்டு வருவார்கள். அந்த வித்தியாசம் தெரியவருவது லைட் போட்டு முடித்த பிறகுதான்.

மூன்றில் எது என்று முடிவு செய்யும் முன், ஸ்டோரிபோர்டிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். பெரிய பட்ஜெட் படத்தில் அது காட்சி எப்படி இருக்கும் என்று சொல்லும். நம்முடைய ஒரு நாள் விளம்பரத்தில் அது சொல்ல வேண்டியது, கேமராவையும் லைட்டையும் எத்தனை முறை இடம் மாற்றப் போகிறோம் என்பதை. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, லைட் போட்டு, எடுத்து முடிப்பதை ஒரு செட்டப் என்று வைத்துக்கொண்டால், சிறிய குழுவுக்கு ஒரு செட்டப்புக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். பர்னிச்சர் கடையில் அதற்கும் மேலே போகும், ஏனென்றால் நகர்த்த வேண்டியவை நாற்காலிகள் மட்டுமல்ல, கட்டிலும் அலமாரியும் கூட. காலை 9 முதல் மாலை 6 வரை என்றால் 540 நிமிடம். சாப்பாட்டுக்கு 60, சாமான் இறக்கவும் கட்டவும் 60 போனால் மீதம் 420. 45 நிமிடத்தால் வகுத்தால் 9 செட்டப் வரும். இந்த எண்ணிக்கைக்குள் விளம்பரத்தை அடக்க எந்த ஸ்டோரிபோர்டு உதவுகிறதோ, அதுதான் நமக்கு லாபம்.

பென்சிலுக்குச் சுவர் தெரியாது

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒரு கதை சொல்கிறார். புதிதாகக் கல்யாணமான இருவர் காலி வீட்டில் நிற்கிறார்கள். வண்டியில் கடைக்கு வருகிறார்கள். விற்பனையாளர் சிரித்து வரவேற்கிறார். சோபா, கட்டில், அலமாரி, டைனிங் டேபிள், டிரெஸ்ஸிங் டேபிள், ஆபீஸ் நாற்காலி என்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். லாரியில் சாமான் வீட்டுக்குப் போகிறது. கடைசியில் கடையின் பெயர், முகவரி, போன் நம்பர்.

இதை ஓவியரிடம் கொடுத்தால் 14 கட்டங்கள் வரும். காலி வீட்டுக்கு 2, சாலைக்கு 2, கடை வாசல் 1, வரவேற்பு 1, ஆறு சாமானுக்கு 6, லாரி 1, முடிவு அட்டை 1. பார்க்க அழகாக இருக்கும், கடைக்காரர் உடனே சரி என்பார். சிக்கலும் அங்கேதான். தாளில் காலி வீடு வரைய ஆகும் உழைப்பும் சோபா வரைய ஆகும் உழைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். படப்பிடிப்பில் காலி வீடு என்பது இன்னொரு லொக்கேஷன், இன்னொரு அனுமதி, குழு முழுக்க ஒருமுறை மூட்டை கட்டி அவிழ்ப்பது. சாலைக் காட்சிக்கு வெயிலும் போக்குவரத்தும் ஒத்துழைக்க வேண்டும். முடிவு அட்டையைக் கடை வாசல் ஷாட்டின் மேலேயே போட்டுக்கொண்டாலும் 13 செட்டப். 13 முறை 45 என்றால் 585 நிமிடம். நம்மிடம் இருப்பது 420. வீட்டுக்குப் போய்வரும் நேரம் இந்தக் கணக்கில் இன்னும் சேரவே இல்லை.

இதில் ஓவியர் மேல் தவறில்லை. அவரிடம் கேட்டதை அவர் வரைந்தார். ஆனால் அவர் கடையைப் பார்க்காமல் வரைவதால் இன்னொரு பொய்யும் படத்துக்குள் புகுந்துவிடும். அது தூரம்.

மூன்று பேர் உட்காரும் சோபாவின் அகலம் சுமார் 2 மீட்டர். இரு பக்கமும் கொஞ்சம் மூச்சுவிட இடம் வைத்தால், படத்தின் அகலத்தில் 3 மீட்டர் அடங்க வேண்டும். கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் 50 மி.மீ. லென்ஸில் (முழுச்சட்டக் கேமரா கணக்கில்) எத்தனை மீட்டர் அகலம் படத்தில் அடங்க வேண்டுமோ, அதைப்போல 1.4 மடங்கு தூரம் பின்னால் போக வேண்டும். அதாவது 3 மீட்டருக்கு 4.2 மீட்டர். கடைகளில் வரிசைகளுக்கு நடுவே விடும் வழி ஒன்று, ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். 24 மி.மீ. லென்ஸ் போட்டால் தூரம் 2 மீட்டராகக் குறையும், ஆனாலும் வழியை விட அதிகம்தான். தவிர, அகல லென்ஸை அவ்வளவு கிட்டத்தில் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால், சோபாவின் இந்தப் பக்கக் கை உப்பியும் அந்தப் பக்கக் கை சுருங்கியும் தெரியும். சோபா விற்கிற விளம்பரத்தில் சோபா கோணலாகத் தெரிந்தால் என்ன பிரயோஜனம்?

ஓவியர் இதையெல்லாம் பொருட்படுத்தாமல், சோபா, பின்னால் அலமாரி, ஓரத்தில் பெண்ணின் முகம், மேலே கடைப் பெயர்ப் பலகை என்று நான்கையும் ஒரே கட்டத்தில் அழகாகப் பொருத்திவிடுவார். படப்பிடிப்பு நாளில் கேமராமேன் பின்னால் நகர்ந்து நகர்ந்து, முதுகு எதிர்வரிசைக் கட்டிலில் முட்டும்போதுதான் உண்மை தெரியும். அப்போது எதிர்வரிசையை நகர்த்த வேண்டும். நான்கு பேர், அரை மணி நேரம், தரையில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள ஒருவர்.

குச்சி மனிதர்கள் எதற்கு நல்லவர்கள்

நாமே கிறுக்கும் படத்துக்கும் இதே குறை உண்டு. அதற்கும் சுவர் தெரியாது. ஆனாலும் அதை முதல் படியாக நான் விடமாட்டேன். காரணம், யாருக்கும் அதன் மேல் பற்று வராது. ஓவியர் வரைந்த 14 கட்டங்களில் ஐந்தைக் கிழித்துப் போட எல்லோருக்கும் மனசு வலிக்கும், காசும் கொடுத்திருப்போம். கிறுக்கலைக் கசக்கிப் போட யாரும் யோசிப்பதில்லை.

தாளில் வரிசையாக வரையாமல் தனித்தனி அட்டைகளில் வரைவது நல்லது. ஒவ்வொரு அட்டையிலும் 16:9 சட்டம் போடுங்கள், 8 செ.மீ. அகலம் என்றால் 4.5 செ.மீ. உயரம். சட்டத்துக்குள் தலை எங்கே, சாமான் எங்கே, அவ்வளவு போதும். ஆள் நகர்வதற்கு ஒரு நிற அம்பும் கேமரா நகர்வதற்கு வேறு நிற அம்பும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பத்து நாள் கழித்து நமக்கே புரியாது. அட்டைகளை மேசையில் பரப்பி இடம் மாற்றிப் பார்த்தால் கதை நிற்கிறதா, எந்த அட்டை இல்லாவிட்டாலும் ஓடும் என்பது தெரிந்துவிடும்.

மேலே சொன்ன கதையை அட்டைகளாகப் பரப்பினால், சாலை 2, வரவேற்பு 1, லாரி 1 ஆகிய நான்கையும் எடுத்துவிட்டாலும் யாருக்கும் எதுவும் குறையாது. கதையின் உயிர் ஒன்றே ஒன்றுதான்: காலியாக இருந்த இடம் நிறைகிறது. அப்படியானால் காலி வீடுதான் வேண்டுமா, காலியான ஒரு மூலை போதாதா? இந்தக் கேள்வி அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போதுதான் வரும். கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி வந்துவிட்ட பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

போனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால்

பர்னிச்சர் கடைக்கு மற்ற வியாபாரங்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. விளம்பரத்தில் வரப்போகும் பொருள்கள் எல்லாம் ஏற்கெனவே அங்கேயே நிற்கின்றன, அசையாமல். செட் போட வேண்டியதில்லை. அதனால் போனில் ஸ்டோரிபோர்டு எடுப்பது இந்த விளம்பரத்துக்கு மற்ற இரண்டையும் விடப் பொருத்தமானது என்பது என் முடிவு. ஆனால் அதைச் சரியாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் போனும் ஓவியரைப் போலவே பொய் சொல்லும்.

பெரிய பொய், லென்ஸில் வருவது. பெரும்பாலான போன்களில் சாதாரண கேமரா 24 முதல் 26 மி.மீ.க்குச் சமமான அகலக் கோணம். திரையில் 0.5 என்று காட்டும் இன்னொரு லென்ஸ் அதைவிட மிக அகலம். அதில் எடுத்தால் குறுகலான கடை கூட மண்டபம் போலத் தெரியும், கடைக்காரருக்கும் ரொம்பப் பிடித்துப்போகும். அதைத் தொடவே வேண்டாம். 2 மடங்கு என்று வைத்து எடுத்தால் ஏறக்குறைய 50 மி.மீ. கோணம் கிடைக்கும். அந்த அளவில் சோபா முழுதாக அடங்கவில்லை என்றால், படப்பிடிப்பு நாளிலும் அடங்காது என்றே அர்த்தம். கேமராமேன் எந்த லென்ஸ் கொண்டுவரப் போகிறார் என்று முன்பே கேட்டுவிட்டு, அதற்கேற்ற அளவில் எடுப்பது இன்னும் நல்லது.

அடுத்தது உயரம். நின்றபடி, கண் உயரத்தில் போனைப் பிடித்து எடுத்தால் சோபாவை விடத் தரைதான் அதிகம் தெரியும், இருக்கை தட்டையாக அழுந்திப்போனது போல் இருக்கும். சோபாவுக்கும் நாற்காலிக்கும் முதுகுச் சாய்வின் உயரத்தில், தரையிலிருந்து 80 செ.மீ. முதல் 1 மீட்டருக்குள் பிடித்துப் பாருங்கள். கட்டில் நேர்மாறு. அவ்வளவு தாழ்வில் வைத்தால் பக்கப் பலகைதான் பெரிதாகத் தெரியும், மெத்தையின் மேல்பரப்பு ஒடுங்கிவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு புகைப்படத்திலும் உயரத்தைக் குறித்துக்கொண்டால், படப்பிடிப்பு நாளில் டிரைபாடை ஏற்றி இறக்கி நேரம் போக்க வேண்டியதில்லை. நின்ற இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் ஷாட் எண்ணை எழுதிவிடுங்கள். கடைசியில் டேப்புகளை எண்ணினால் அதுவே செட்டப் கணக்கு.

பிறகு, ஓவியத்தில் வரவே வராத விஷயங்கள். டிரெஸ்ஸிங் டேபிளை நேராக எடுத்தால் கண்ணாடியில் நீங்களே நிற்பீர்கள். அலமாரிக் கதவில் கண்ணாடி இருந்தால் லைட் ஸ்டாண்டு தெரியும். முகப்பு முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் கடையில் பகலில் எதிர்ப்பக்கத் தெரு சோபாவின் பின்னால் பிரகாசமாக எரியும்; உள்ளே நம்முடைய இரண்டு லைட் அதோடு போட்டி போட முடியாது. படப்பிடிப்பு எந்த மணிக்கோ அதே மணிக்குப் போய் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். காலை 10 மணிக்கு எடுத்த புகைப்படத்தை நம்பி மாலை 4 மணிக்கு ஷாட் வைத்தால் வெளிச்சம் முழுக்க வேறாக இருக்கும்.

விலைச்சீட்டு, பாலிதீன் உறை, மேலே வரிசையாகத் தொங்கும் மின்விசிறிகள், பின்னால் வேறு கம்பெனி காலண்டர் எல்லாம் புகைப்படத்தில் பல்லிளிக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கடை ஊழியர்களிடம் கொடுத்தால் அதுவே முந்தின நாள் வேலைப்பட்டியல்.

புகைப்படத்தில் தெரியாத ஒன்றும் உண்டு: கடை விளக்குகளின் மினுக்கம். அதற்குப் போனில் சில விநாடி வீடியோவும் எடுக்க வேண்டும். வரிவரியாக இருட்டு ஓடினால் கேமராமேனிடம் காட்டுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. அப்படியும் அடங்காத மலிவான எல்இடி விளக்குகளை அணைத்துவிட்டு எடுக்க வேண்டியதுதான். அப்படி அணைத்தால் நம் லைட் போதுமா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

போன் வழிக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க முடியாது. கடைக்காரரிடம் காட்டினால் அவர் கதையைப் பார்க்கமாட்டார், சரக்கைத்தான் பார்ப்பார். “சார், இது பழைய மாடல், இதையா காட்டப் போறீங்க? அந்தப் பச்சை சோபாவை வைங்க” என்று தொடங்கினால் பேச்சு முழுக்க அதிலேயே போய்விடும். குச்சி மனிதர் படத்தில் இந்தத் தொல்லை இல்லை. நான் செய்வது, புகைப்படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, கொஞ்சம் மங்கலாக்கிக் காட்டுவது. நிறம் போனதும் பேச்சு வரிசைக்குத் திரும்பிவிடும். எந்த மாடல் என்பதை வேறொரு நாள் வேறொரு தாளில் பேசிக்கொள்ளலாம்.

காலி மூலைக்கு ஒரே செட்டப்

இனி உதாரணத்துக்கு வருவோம். கடையின் மாடியில், சன்னல் இல்லாத வெறும் சுவர் உள்ள ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கிறோம். அங்கிருந்து பின்னால் 5 மீட்டருக்கு இடம் கிடைக்கிறது. 1.4 மடங்குக் கணக்கில் மூன்றரை மீட்டர் அகலம் வரை படத்தில் அடங்கும், சோபாவும் பக்கத்தில் ஒரு சின்ன மேசையும் வைக்கலாம். கேமராவை டிரைபாடில் பூட்டிவிட்டு, முதலில் வெறும் தரையில் இருவர் உட்கார்ந்திருக்க, அடுத்த நிலையில் சோபா வந்துவிட, அடுத்ததில் மேசை, அடுத்ததில் நின்றெரியும் விளக்கு, அடுத்ததில் அலமாரியும் குழந்தையும் என்று ஐந்து நிலைகள். தாளில் ஐந்து கட்டம், தரையில் ஒரே ஒரு டேப்.

இந்த மாதிரி ஷாட்டை எடுக்கும்போது பின்னாலிருந்து தொடங்குவதுதான் வசதி. மூலை முழுதாக நிறைந்த நிலையை முதலில் அடுக்கி, அதற்கு லைட் போட்டு எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டே வர வேண்டும். காலியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு சாமான் வரும்போதும் புது நிழல் விழும், லைட்டை மாற்றத் தோன்றும், மாற்றினால் கட் பண்ணும்போது சுவரின் நிறம் குதிக்கும். ஃபோகஸ், எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் கையால் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஆட்டோவில் விட்டால், வெள்ளைச் சுவர் அதிகம் தெரியும் காலி நிலையில் படம் தானாக இருட்டிப் போகும். நடிகர்களுக்கும் தலைகீழ் வரிசையைச் சொல்லிவிட வேண்டும்: முதலில் எடுப்பது பெரிய சிரிப்பு, கடைசியில் எடுப்பது சலிப்பு.

மீதியில் மூன்று ஷாட். அலமாரியின் டிராயரைக் கை மூடும் குளோசப், கட்டில், டைனிங் டேபிள். ஆபீஸ் நாற்காலியும் டிரெஸ்ஸிங் டேபிளும் போயின. கடைக்காரர் முகம் சுருங்கும். அவற்றின் பெயரை வாய்ஸ் ஓவரில் ஒரு வரியாகச் சொல்லிவிடலாம் என்றால் பெரும்பாலும் சமாதானமாகிவிடுவார். கடைசியாக அந்தி நேரத்தில் பெயர்ப் பலகை எரியும் கடை வாசல், அதன் மேலேயே எழுத்து.

நேரக் கணக்கு: மூலைக்கு அடுக்கவும் லைட் போடவும் 90 நிமிடம், ஐந்து நிலைகளுக்கும், குடும்பமாகச் சிரிக்கும் ஒரு ஷாட்டுக்கும் தலா 15 என்று 90. மற்ற மூன்றுக்கு 135. வாசலுக்கு 30. மொத்தம் 345 நிமிடம். 420-இல் 75 மீதம். அந்த 75-ஐ இன்னொரு சாமானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கட்டிலை மாட்டும் திருகு காணாமல் போகும், குழந்தை தூங்கிவிடும், ஏதாவது நடக்கும்.

புகைப்படங்களுக்குக் குரல் கொடுங்கள்

போன் வழியின் அடுத்த லாபம் நேரத்தில் இருக்கிறது. எடுத்த படங்களைப் போனில் உள்ள சாதாரண எடிட்டிங் ஆப்பில் வரிசையாக வைத்து, வாய்ஸ் ஓவரை நீங்களே படித்துப் பதிவு செய்து அடியில் ஓடவிடுங்கள். குச்சிப் படங்களிலும் இதைச் செய்யலாம்தான், ஆனால் கண் ஒரு கிறுக்கலை அரை விநாடியில் படித்துவிடும். உண்மையான சோபாவைப் பார்க்க எவ்வளவு நேரம் தேவை என்பது அதில் தெரியாது.

உதாரணத்தில் கடைக்காரர் கொடுத்த வாசகம் 70 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் ஒரு விநாடிக்கு இரண்டு சொல் என்பது தெளிவாகக் காதில் விழும் வேகம். அப்படிப் பார்த்தால் 35 விநாடி, சேனல் தருவதோ 30. குரல் கொடுப்பவரிடம் விட்டால் வேகமாகப் படித்து அடக்கிவிடுவார், ஆனால் போன் நம்பரும் அதே வேகத்தில் பறந்துவிடும். 45 சொற்களாகக் குறைத்தால் 23 விநாடிக்குள் முடியும், ஆங்காங்கே இசை மட்டும் ஒலிக்க இடம் கிடைக்கும்.

டைம்லைன் இப்படி அமைந்தது: மூலையின் ஐந்து நிலைகள் 3, 2, 2, 2, 3 என்று 12 விநாடி. டிராயர், கட்டில், டைனிங் டேபிள் மூன்றும் தலா 3, மொத்தம் 9. நிறைந்த மூலையில் குடும்பம் 4. முடிவு அட்டை 5. கூட்டினால் 30. டிராயர் ஷாட்டுக்கு மூன்று விநாடி தேவையா என்று முதலில் தோன்றும். ஓடவிட்டுப் பார்த்தால், கை வந்து தொட்டு, டிராயர் நகர்ந்து, சத்தமில்லாமல் மூடுவதற்குள் இரண்டரை போய்விடுகிறது. ஸ்லைடரில் கேமரா நகரும் ஷாட்டுக்கும் அப்படித்தான், மூன்றுக்குக் குறைந்தால் நகர்ந்ததே தெரியாது. ஓவியரின் கட்டங்களில் முடிவு அட்டை போக மீதி 13-ஐ 25 விநாடியில் திணித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2 விநாடிகூடக் கிடைத்திருக்காது.

கேபிள் திரை தின்னும் இடம்

போனில் செய்ததை அங்கேயே பார்த்துத் திருப்திப்படாமல் பென் டிரைவில் போட்டு வீட்டு டிவியில், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். உள்ளூர் கேபிளுக்கு இது மிக அவசியம். பல சேனல்களில் அடியில் ஸ்க்ரோல் ஓடும், மேல் மூலையில் லோகோ இருக்கும். சில வீடுகளில் பழைய பெட்டி படத்தின் இரு ஓரங்களையும் வெட்டி 4:3 ஆகக் காட்டும். அந்தச் சேனலை ஐந்து நிமிடம் போனில் படம்பிடித்து, ஸ்க்ரோல் திரையில் எத்தனை பங்கு உயரம் எடுக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்டோரிபோர்டின் ஒவ்வொரு படத்திலும் அந்தப் பட்டையைக் கறுப்பாக மறைத்துவிடுங்கள். கட்டிலின் கால்களும், கடைக்காரர் அடியில் போடச் சொன்ன போன் நம்பரும் அதற்குள் மறைந்துபோவதைப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

எழுத்துக்கு, நான்கு பக்கமும் குறைந்தது 5 சதவீதம் விடுவது ஒளிபரப்பில் வழக்கம். 1920 × 1080 படத்தில் பக்கவாட்டில் 96, மேலும் கீழும் 54 பிக்சல். ஓரம் வெட்டப்படும் பெட்டிகளையும் கணக்கில் வைத்தால் எழுத்து முழுவதும் நடுவில் உள்ள 1440 பிக்சல் அகலத்துக்குள் இருக்க வேண்டும், அதன் விளிம்பிலிருந்தும் கொஞ்சம் உள்ளே. பெயர், ஓர் அடையாளத்தோடு முகவரி, ஒரே ஒரு போன் நம்பர். மூன்று நம்பர் கொடுத்தால் ஐந்து விநாடியில் ஒன்றைக்கூட யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

டிவியில் பார்க்கும்போது தெரியவரும் இன்னொன்று, பிரம்பு நாற்காலியும் நெருக்கமான கோடு போட்ட சோபாத் துணியும். குறைந்த தெளிவில் ஒளிபரப்பாகும் சேனலில் அவை அலையலையாக நெளியும், கோடுகள் ஊர்வது போல் இருக்கும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அந்த மாடலை மாற்றிவிடலாம், அல்லது துணியின் இழை பெரிதாகத் தெரியும்படி கிட்டப் போய் எடுக்கலாம். எடிட்டிங்கில் இதைத் துடைப்பது சுலபமல்ல.

ஓவியரை எப்போது கூப்பிடலாம்

ஆக, குச்சி அட்டையில் தொடங்கிப் போனில் முடிப்பதுதான் இந்த அளவு பட்ஜெட்டுக்கு என் தேர்வு. ஓவியருக்கு ஒதுக்க நினைத்த தொகை இருந்தால், சாமான் நகர்த்த இன்னும் இரண்டு ஆட்களுக்குக் கொடுங்கள்.

இதற்கு விலக்கும் உண்டு. கடை கூட்டுத் தொழிலாக இருந்து, சம்மதம் சொல்ல வேண்டிய பங்காளிகள் நான்கைந்து பேர் வெவ்வேறு ஊரில் இருந்தால், கிறுக்கலோ மங்கலான புகைப்படமோ அவர்களிடம் எடுபடாது. நல்ல ஓவியம் ஒரே தடவையில் சம்மதம் வாங்கித் தரும். சோபா மடிந்து கட்டிலாகும் ஒன்றை, நிலை நிலையாக விரிவது போல் காட்ட வேண்டும் என்றாலும் ஓவியர் தேவைப்படலாம், ஏனென்றால் பாதி மடிந்த நிலையில் சோபா தானாக நிற்காது, புகைப்படம் எடுக்க முடியாது. அப்போதும் 14 கட்டமும் வேண்டாம், அந்த நான்கு கட்டத்துக்கு மட்டும் பேசிக்கொள்ளுங்கள். வரையும் முன் உங்கள் போன் படங்களை அவரிடம் கொடுத்துவிட்டால் தூரமும் சுவரும் அவருக்குத் தெரியும்.

கடை இன்னும் திறக்கவே இல்லை, சரக்கும் வந்து சேரவில்லை என்றால் போன் வழி அறவே உதவாது. திறப்புவிழா விளம்பரங்களில் இதுதான் நிலைமை. அப்போது கட்டத்தாளில் ஒரு கட்டம் 25 செ.மீ. என்று வைத்துத் தளத்தை மேலிருந்து பார்ப்பது போல் வரைந்துகொள்ளுங்கள். தூண்களையும் மாடிப்படியையும் விடாதீர்கள். சாமான்களை அதே அளவில் காகிதத்தில் வெட்டி வைத்து, 1.4 மடங்குக் கணக்கில் கேமரா நிற்கும் இடத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி சுவருக்கு வெளியே விழுந்தால் அந்த ஷாட் இல்லை. புள்ளிகள் 9-ஐத் தாண்டினால் ஒரு நாளில் முடியாது. சரக்கு வந்து இறங்கியதும் அதே புள்ளிகளில் போய் நின்று போனில் எடுத்து, தளப்படத்தில் குறித்த தூரம் சரிதானா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். தச்சர்கள் காட்சி மேடைகளை வரைபடத்தில் உள்ளபடியே அமைத்திருப்பார்கள் என்று நம்பிவிட வேண்டாம்.